இன்னொரு இடத்தில் ஆஃபர் வரப்போகிறது: இதை ரெக்ரூட்டரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தம்பி ஃபோன் செய்தான். "அக்கா, ரெண்டு இடத்துல இன்டர்வியூ போயிட்டிருக்கு. எனக்குப் பிடிச்ச இடம் ஆமை மாதிரி நகருது. இன்னொண்ணு இன்னிக்குக் கடைசி ரவுண்டே முடிச்சிட்டாங்க. மெதுவா போறவங்ககிட்ட இதைச் சொல்லலாமா? சொன்னா மிரட்டுற மாதிரி ஆயிடாதா?"

நான் பல வருடம் ஆளெடுக்கும் பக்கம் உட்கார்ந்தவள். வேலை தேடுகிறவர்கள் சொல்லத் தயங்குகிற இந்தச் செய்திக்குத்தான் ரெக்ரூட்டர்கள் காத்திருப்பார்கள் என்று அவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. அடுத்த ஒரு வாரம் அவனோடு உட்கார்ந்து நாள் எண்ணி, மெயில் எழுதி, ஃபோனுக்குப் பதில் தயார் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் முறையாக இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு இது உதவும். வசதிக்காக ஒன்றை மெதுவான இடம் என்றும் இன்னொன்றை வேகமான இடம் என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்

மெதுவான இடம், நீங்கள் கேட்ட சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு, வேகமான இடம் தரும் கெடுவுக்குள் ஆஃபரும் கொடுத்துவிட்டால், அங்கே போவீர்களா? "போவேன்" அல்லது "பெரும்பாலும் போவேன்" என்றால் மேலே படியுங்கள். "இல்லை, சும்மா கையில் இன்னொரு ஆஃபர் இருந்தால் நல்லது" என்றால், அவசரப்படுத்தி மெயில் அனுப்பாதீர்கள். அந்த அவசரத்துக்காக மூன்று நான்கு பேர் தங்கள் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு உங்களுக்கு நேரம் கொடுப்பார்கள். போகிற எண்ணமே இல்லாத இடத்தில், விலகுகிறேன் என்று ஒரு வரி எழுதுவதுதான் நேர்மை.

தம்பியிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போவேன்க்கா, வேலை அங்கதான் எனக்குப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றான். சரி, அப்படியானால் சொல்லலாம்.

உள்ளே எங்கே நேரம் போகிறது

வெளியிலிருந்து பார்த்தால் ரெக்ரூட்டர்தான் தாமதிக்கிறார் என்று தோன்றும். உண்மையில் முடிவெடுக்கிறவர் அவர் இல்லை. ஆள் தேவைப்படுகிற மேனேஜர் ஒருவர் இருக்கிறார். நேர்காணல் செய்தவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஒப்புதல் தரவேண்டியவர் வேறொருவர். ரெக்ரூட்டர் இவர்களை எல்லாம் துரத்திப் பிடித்து ஒரே முடிவுக்குக் கொண்டுவரவேண்டியவர். அவர் கையில் உங்களுடையதைப் போல இன்னும் பல வேலையிடங்கள் திறந்திருக்கும்.

நேரம் மூன்று இடங்களில் கரையும். முதலாவது, நேர்காணல் செய்தவர் தன் கருத்தை எழுதித் தராமல் வைத்திருப்பது. அரை மணி நேர வேலைதான், ஆனால் அவருடைய அன்றாட வேலைக்கு நடுவில் அது நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று தள்ளிப்போகும். இரண்டாவது, அடுத்த சுற்றுக்கு எல்லாருடைய காலெண்டரிலும் ஒரே நேரம் கிடைக்காமல் போவது. மூன்றாவது, எல்லாச் சுற்றும் முடிந்தபின் எல்லாரும் கூடிப் பேசுவதும், அதற்கப்புறம் சம்பள ஒப்புதலும், கடிதம் தயாராவதும்.

உங்கள் செய்தியால் சுருங்கக்கூடியவை பெரும்பாலும் முதல் இரண்டும்தான். எழுதாத கருத்து அன்று மாலையே எழுதப்பட்டுவிடும். இரண்டு வாரத்தில் பரவிக் கிடந்த இரண்டு சுற்றுகள் ஒரே நாளில் அடுத்தடுத்து வைக்கப்படும். மூன்றாவதும் ஓரளவு சுருங்கும். ஆனால் அந்த வேலையிடத்துக்கே இன்னும் பணம் ஒதுக்கப்படவில்லை, அல்லது ஒப்புதல் தரவேண்டியவர் விடுப்பில் போயிருக்கிறார், அவர் சார்பில் கையெழுத்துப் போட ஆள் இல்லை என்றால், நீங்கள் எத்தனை மெயில் போட்டாலும் நகராது. அதுவும் தெரியவேண்டிய செய்திதான். அது தெரிந்துவிட்டால் வேகமான இடத்துக்குப் பதில் சொல்வது சுலபமாகிவிடும்.

ரெக்ரூட்டர் உங்கள் மெயிலைப் படித்ததும் செய்கிற முதல் வேலை, அதிலிருந்து இரண்டு வரியை எடுத்து மேனேஜருக்கு அனுப்புவது. "இவருக்குத் திங்கட்கிழமை கெடு, நமக்கு வேண்டுமென்றால் வியாழக்கிழமைக்குள் மீதி சுற்றுகளை முடிக்கவேண்டும்" என்று. இதுவரை அவருக்கு மேனேஜரை நச்சரிக்க ஒரு காரணம் இல்லை. நீங்கள் ஒன்றைக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் மெயிலை உங்களைப் பார்த்திராத மேனேஜர் படித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து எழுதவேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால், என்ன எழுதுவது, எதை விடுவது என்பது பாதி தானாகவே தெரிந்துவிடும்.

எப்போது சொல்வது

ஒரு தேதி கையில் இருக்கும்போது சொல்லுங்கள். முதல் ஃபோன் பேச்சு முடிந்த கையோடு "நான் வேறு இடங்களிலும் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்வதில் தப்பில்லை, பல ரெக்ரூட்டர்கள் அவர்களாகவே கேட்பார்கள். ஆனால் அதை வைத்து அவர்களால் எதையும் நகர்த்த முடியாது, ஏனென்றால் அதில் தேதி இல்லை.

அதேபோல, எழுத்தில் ஆஃபர் வந்து, கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது சொல்வதும் வீண். ரெக்ரூட்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரே நாளில் இரண்டு சுற்று, ஒரு கூட்டம், ஒரு ஒப்புதல், ஒரு கடிதம் என்பது நடக்காது. என் அனுபவத்தில், சுற்றுகள் பாக்கியிருந்தால் ஐந்து வேலை நாளாவது வேண்டும். எல்லாச் சுற்றும் முடிந்து முடிவு மட்டும் பாக்கி என்றால் இரண்டு நாளில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே சரியான நேரம், வேகமான இடத்தில் கடைசிச் சுற்று முடிந்த நாள், அல்லது அது எந்த நாள் என்று தெரிந்த நாள். ஆஃபர் எழுத்தில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். "கடைசிச் சுற்று முடிந்துவிட்டது, இந்த வாரம் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்பதே போதுமான உண்மை. இன்னும் வராத ஆஃபரை வந்ததாகச் சொல்லத் தேவையே இல்லை.

இதற்கு வேகமான இடத்தில் முன்னாலேயே ஒரு கேள்வி கேட்டுவைத்தால் நல்லது: "ஆஃபர் கொடுத்தால் பதில் சொல்ல எத்தனை நாள் தருவீர்கள்?" இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, அவர்கள் தினமும் கேட்கிற கேள்வி. தம்பி அந்தத் திங்கட்கிழமை கடைசிச் சுற்று முடிந்ததும் கேட்டிருந்தான், அதற்கு அவனைப் பாராட்டினேன். "புதன்கிழமை அனுப்பிவிடுவோம், அப்புறம் மூன்று வேலை நாள்" என்றார்களாம்.

நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுவது

நானும் அவனும் ஃபோனில் பேசிக்கொண்டே ஒரு தாளில் எழுதினோம். புதன்கிழமை ஆஃபர் வந்தால், மூன்று வேலை நாள் என்பது வியாழன், வெள்ளி, அடுத்த திங்கள். அதாவது திங்கட்கிழமை மாலைக்குள் பதில் சொல்லவேண்டும். சனி ஞாயிறு கணக்கில் வராது. நடுவில் பொது விடுமுறை இருந்தால் அதையும் கழிக்கவேண்டும். இரண்டு இடமும் வெவ்வேறு நாட்டில் இருந்தால், எந்த ஊர் நேரப்படி மாலை என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

மெதுவான இடத்தில் பாக்கி என்ன? போன வியாழக்கிழமை முதல் டெக்னிக்கல் சுற்று முடிந்திருந்தது. அதற்கு இன்னும் பதில் இல்லை. அதற்கு மேல் இரண்டாவது டெக்னிக்கல், டீமோடு ஒரு சுற்று, மேனேஜரோடு ஒரு சுற்று. மொத்தம் மூன்று. அப்புறம் அவர்கள் கூடிப் பேசவேண்டும், சம்பளம் பேசவேண்டும், கடிதம் தரவேண்டும். கடிதத்தைப் படிக்க ஒரு இரவாவது வேண்டும். செவ்வாய் காலை மெயில் போனால், திங்கள் மாலை வரை ஐந்து வேலை நாள். இழுத்துப் பிடித்தால் நடக்கும்.

"வெள்ளிக்கிழமையே கெடுன்னு சொல்லிடலாமா? கொஞ்சம் பயந்து வேகமா பண்ணுவாங்க" என்றான். வேண்டாம் என்றேன். அந்த வெள்ளிக்கிழமையை நிஜம் என்று நம்பி, "எங்களால் முடியாது, வாழ்த்துகள்" என்று அவர்கள் உங்களை விட்டுவிடலாம். திங்கள் என்று தெரிந்திருந்தால் முயன்றிருப்பார்கள். கெடுவைச் சுருக்கிச் சொல்வதில் அடிபடுவது பெரும்பாலும் சொன்னவர்தான். படிக்க ஒரு நாள் வேண்டுமென்றால் அதையே சொல்லுங்கள்: "திங்கள் மாலைக்குள் நான் பதில் சொல்லவேண்டும். படித்துப் பார்க்க எனக்கு ஒரு நாள் இருந்தால் நல்லது."

மெயில்

தம்பி முதலில் எழுதியது இது:

"வணக்கம். எனக்கு வேறு ஒரு முன்னணி நிறுவனத்திலிருந்து மிக நல்ல சம்பளத்தில் ஆஃபர் உறுதியாகியுள்ளது. இருப்பினும் உங்கள் நிறுவனமே என் முதல் விருப்பம். எனவே தயவுசெய்து என் விண்ணப்பத்தை விரைவில் பரிசீலித்து முடிவைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இல்லையேல் வேறு வழியின்றி அந்த ஆஃபரை ஏற்கவேண்டியிருக்கும்."

மேனேஜர் கண்ணால் இதைப் படித்துப் பாருங்கள். "உறுதியாகியுள்ளது" என்பது அன்றைக்கு உண்மை இல்லை. "மிக நல்ல சம்பளம்" என்றதும் அவர் மனசில் ஓடுவது, இந்த ஆளுக்கு நாம் கட்டுப்படியாக மாட்டோமோ என்பது. "விரைவில்" என்றால் எப்போது? தேதியே இல்லை. கடைசி வரி, அவன் பயந்த அதே மிரட்டல்.

அடித்துத் திருத்தி, கடைசியில் போனது இப்படி:

"வணக்கம். என் நிலவரம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட நினைக்கிறேன். இன்னொரு நிறுவனத்தில் நேற்று என் கடைசிச் சுற்று முடிந்தது. புதன்கிழமை முடிவு சொல்வதாகவும், ஆஃபர் வந்தால் பதில் சொல்ல மூன்று வேலை நாள் தருவதாகவும் கூறியிருக்கிறார்கள். அப்படி வந்தால் அடுத்த திங்கட்கிழமை மாலைக்குள் நான் பதில் தரவேண்டும்.

உங்களிடம் உள்ள வேலையில் எனக்கு மிகுந்த ஆர்வம் இருக்கிறது, முடிவெடுக்கும் முன் உங்கள் சுற்றுகளை முடிக்க விரும்புகிறேன். மீதமுள்ள சுற்றுகளை இந்த வாரத்துக்குள் வைக்க வாய்ப்பு உண்டா? புதன் மதியத்துக்குப் பிறகும், வியாழன், வெள்ளி முழு நாளும் எனக்கு நேரம் இருக்கிறது. ஒரே நாளில் அடுத்தடுத்து வைத்தாலும் சம்மதம். அந்தத் தேதிக்குள் முடியாது என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்கேற்ப நான் திட்டமிட்டுக்கொள்வேன்."

இதில் நான்கு விஷயம் இருக்கிறது: அங்கே எந்த நிலையில் இருக்கிறேன், எந்தத் தேதிக்குள் பதில் தரவேண்டும், இங்கே எனக்கு ஆர்வம் உண்டு, இவர்களிடமிருந்து எனக்கு என்ன வேண்டும். நிறுவனத்தின் பெயர் இல்லை, சம்பளம் இல்லை. தன் காலியான நேரத்தையும் எழுதிவிட்டதால், ரெக்ரூட்டர் திரும்பி "எப்போது முடியும்?" என்று ஒரு மெயில் போட்டு ஒரு நாளைக் கரைக்க வேண்டியதில்லை. புதுசாக எழுதுகிறவர்கள் விட்டுவிடுவது இந்த வரியைத்தான்.

"முடியாது என்றால் அதையும் சொல்லுங்கள்" என்ற கடைசி வரியை எடுத்துவிடலாம் என்று தம்பி சொன்னான், பலவீனமாகத் தெரியும் என்று. நான் விடவில்லை. அந்த வரிதான் மிரட்டல் வாடையைப் போக்குகிறது. நாம் கேட்பது சீக்கிரம் ஒரு முடிவு; அது "இல்லை" என்றாலும் நமக்குப் பயன்தான். அது ரெக்ரூட்டருக்குப் புரிந்துவிட்டால் அவரும் ஒளிக்காமல் பேசுவார்.

"உங்கள் நிறுவனமே முதல் விருப்பம்" என்பதை ஏன் எடுத்தேன் என்றும் கேட்டான். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆஃபர் கிடைத்தால் அடுத்து சம்பளம் பேசவேண்டும். எது வந்தாலும் வந்துவிடுவேன் என்று முன்னாலேயே எழுதிக் கொடுப்பானேன்? உண்மையைச் சொல்வதற்காக மனசில் உள்ள எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை.

மெயிலைச் செவ்வாய் காலை அலுவலக நேரம் தொடங்கும்போது அனுப்பினான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மெயில் தொடரிலேயே பதிலாகப் போட்டான். இரவே அனுப்பியிருந்தால் மறுநாள் காலைக் குவியலின் அடியில் கிடந்திருக்கும்.

ஃபோன் வரும், மூன்று கேள்வி கேட்பார்கள்

அன்று மதியமே ஃபோன் வந்தது. பெரும்பாலும் இப்படித்தான், மெயிலுக்கு மெயிலாகப் பதில் வராது, நேராகக் கூப்பிடுவார்கள்.

முதல் கேள்வி, கெடுவைத் தள்ளிப்போட முடியுமா என்பது. "எழுத்தில் வந்ததும் கேட்டுப்பார்க்கிறேன், கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது" என்று சொல்லலாம். இரண்டாவது, எந்த நிறுவனம் என்பது. சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. "அதை என்னோடு வைத்துக்கொள்கிறேன், தேதிகள் மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாவது, எவ்வளவு தருகிறார்கள் என்பது. அதற்கு, நீங்கள் முன்பு சொன்ன எதிர்பார்ப்பு மாறியிருக்கிறதா இல்லையா என்பதுதான் உண்மையான பதில். மாறவில்லை என்றால், "நான் உங்களிடம் சொன்ன எதிர்பார்ப்பு அப்படியேதான் இருக்கிறது" என்றால் போதும். மாறியிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். இத்தனை பேரை ஓடவைத்துவிட்டுக் கடைசி நாளில் சொன்னால் அதுதான் கசக்கும்.

ஆஃபர் லெட்டரைக் காட்டச் சொல்லிக் கேட்கிறவர்களும் உண்டு. அது இன்னொரு நிறுவனம் உங்களுக்கு மட்டும் கொடுத்த கடிதம், ரகசியம் காக்கும்படி அதிலேயே எழுதியும் இருக்கலாம். "கடிதத்தைப் பகிர முடியாது, தேதியைச் சொல்கிறேன்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

இல்லாத ஆஃபரைச் சொன்னவர்கள் மாட்டிக்கொள்வது இந்த ஃபோனில்தான். எழுத்தில் வந்துவிட்டதா, எந்தத் தேதி, எப்போது சேரச் சொல்கிறார்கள் என்று மேலும் மேலும் கேள்வி வரும், ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு கதை கட்டவேண்டும். கெடு முடிந்த மறுநாளும் நீங்கள் காத்துக்கொண்டிருந்தால் விஷயம் தானாக வெளியே வந்துவிடும். என்னிடம் ஒருவர் இப்படி மூன்று முறை கெடுவை நீட்டினார். மூன்றாவது முறை மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார், அதோடு முடிந்தது.

ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஏஜென்சிக்காரர்களுக்குப் பணம் பெரும்பாலும் நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் வரும். அதனால் அவர்கள் உங்கள் கெடுவைக் கேட்டதும் வேகமாக ஓடுவார்கள், அது நல்லது. ஆனால் இன்னொரு இடம் எது என்பதையும் விடாமல் கேட்பார்கள், அங்கேயும் ஆள் தேவை இருக்கிறது என்பது அவர்களுக்கு ஒரு வியாபாரத் தகவல். பெயரைச் சொல்லாமலிருப்பதில் இங்கே இன்னும் கறாராக இருங்கள். அவர்கள் உங்கள் செய்தியை நிறுவனத்திடம் சொல்லும்போது மிகைப்படுத்தவும் கூடும் என்பதால், தேதிகளை மெயிலிலும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

தம்பிக்கு அந்த ஃபோனில் ஒரு விஷயம் தெரியவந்தது. முதல் சுற்று எடுத்தவர் வியாழக்கிழமையிலிருந்து தன் கருத்தை எழுதவே இல்லை. செவ்வாய் மாலைக்குள் எழுதிவிட்டார். இரண்டாவது டெக்னிக்கலும் டீம் சுற்றும் வியாழக்கிழமை அடுத்தடுத்து. மேனேஜர் வெள்ளிக்கிழமை பயணத்தில் இருந்ததால், அவருடைய சுற்று திங்கள் காலை பத்து மணிக்கு.

பதிலே வராவிட்டால்

எல்லாருக்கும் இப்படி மதியமே ஃபோன் வந்துவிடாது. ஒரு முழு வேலை நாள் பாருங்கள். அப்புறம் ஃபோன் செய்யுங்கள், எடுக்காவிட்டால் அதே தொடரில் இரண்டு வரி: "என் தேதி மாறவில்லை, திங்கள் மாலை. வாய்ப்பு இல்லை என்றாலும் தெரிந்தால் உதவியாக இருக்கும்." மேனேஜர் ஏற்கெனவே உங்களோடு நேரில் மெயிலில் பேசியிருந்தால் மட்டும் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். அவரைத் தேடிப்பிடித்து எழுதுவது ரெக்ரூட்டரைத் தாண்டிப் போவதாகிவிடும். இரண்டு முறை கேட்டும் சத்தமே இல்லை என்றால், அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு நகருங்கள்.

இன்னொரு வகைப் பதில் இருக்கிறது, அதுதான் ஆபத்தானது: "உங்களை எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆஃபர் நிச்சயம், கடிதம் மட்டும் பாக்கி, அந்த இடத்தை விட்டுவிடுங்கள்." சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் சம்பள ஒப்புதல் நின்றுபோகலாம், அந்த வேலையிடமே நிறுத்திவைக்கப்படலாம், அது அவர் கையில் இல்லை. பதவி, சம்பளம், சேரும் தேதி மூன்றும் எழுத்தில் வரும்வரை வேகமான இடத்துக்கு "வேண்டாம்" சொல்லாதீர்கள்.

வேகமான இடத்தில் கூடுதல் நாள் கேட்பது

புதன்கிழமை சொன்னபடி ஆஃபர் வந்தது, எழுத்தில், திங்கள் மாலை ஆறு மணி கெடுவோடு. தம்பி அன்றே இரண்டு வேலை செய்தான். மெதுவான இடத்துக்கு, "நான் சொன்ன ஆஃபர் இன்று எழுத்தில் வந்தது, கெடு திங்கள் மாலை ஆறு மணி" என்று ஒரு வரி. நிலவரம் மாறும்போதெல்லாம் இப்படி ஒரு வரி போடவேண்டும், நல்லதோ கெட்டதோ.

வேகமான இடத்துக்கு, நன்றி சொல்லிவிட்டு, "இன்னொரு நிறுவனத்தில் என் கடைசிச் சுற்று திங்கள் காலை இருக்கிறது. இரண்டையும் பார்த்து ஒரே முடிவாகச் சொல்ல விரும்புகிறேன். புதன்கிழமை வரை தர முடியுமா?" என்று கேட்டான். உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம் என்றெல்லாம் காரணம் தேடவில்லை. நாள் குறிப்பிட்டுக் கேட்கவேண்டும், ஒரே முறை கேட்கவேண்டும், கெடுவின் கடைசி மணி நேரத்தில் இல்லாமல் ஆஃபர் வந்த அன்றோ மறுநாளோ கேட்கவேண்டும். இவர்களும் தங்கள் இரண்டாவது ஆளை அதுவரை காக்கவைக்கவேண்டும் அல்லவா? புதன் தரவில்லை, செவ்வாய் மதியம் வரை தந்தார்கள். அரை நாள்தான், ஆனாலும் திங்கள் மாலைக்கும் செவ்வாய் மதியத்துக்கும் நடுவில் ஒரு இரவு இருக்கிறது. அந்தப் புதுக் கெடுவையும் மெதுவான இடத்துக்குச் சொன்னான். பழைய கெடுவையே வைத்து அவர்களை விரட்டியிருக்கலாம்தான், செய்யவில்லை.

கட்டாயம் நீட்டத்தான் வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். "இல்லை, திங்கள்தான்" என்று சொல்ல அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அப்போது திங்கள் மாலை கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்து முடிவெடுக்கவேண்டும். வேகமான இடத்துக்குச் "சரி" சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மெதுவான இடத்தில் தொடர்ந்து நேர்காணலுக்குப் போவதைப் பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. நீங்கள் இதுவரை சொன்ன உண்மை எல்லாம் அந்த இடத்தில் பொய்யாகிவிடும்.

வேகத்துக்கு ஒரு விலை உண்டு

இதையும் சொல்லவேண்டும். வியாழக்கிழமை அடுத்தடுத்து இரண்டு சுற்று. முதல் சுற்று பத்து நிமிடம் நீண்டுவிட, நடுவில் தண்ணீர் குடிக்கத்தான் நேரம் இருந்தது. "ரெண்டாவதுல கடைசி இருபது நிமிஷம் மூளையே ஓடலக்கா" என்றான். தயார் செய்ய ஒரு வாரம் கிடைத்திருக்கும், கிடைத்தது ஒன்றரை நாள். நீங்கள் அவசரப்படுத்தினால் உங்களுக்கும் அவசரம்தான். அடுத்தடுத்து வைக்கச் சம்மதிக்கும்போதே நடுவில் அரை மணி நேரம் இடைவெளி கேளுங்கள், கொடுப்பார்கள். அவன் கேட்கவில்லை, நானும் சொல்ல மறந்துவிட்டேன்.

திங்கள் காலை மேனேஜர் சுற்று நன்றாகத்தான் போனது. மாலை ஐந்து மணிக்கு ரெக்ரூட்டர் கூப்பிட்டார். வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அவர்களுக்கு வேண்டிய கருவியில் நேரடி அனுபவம் உள்ளவராம். "உங்களைக் காத்திருக்க வைக்கக்கூடாதென்றுதான் இன்றே எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டேன்" என்றாராம்.

தம்பிக்கு வருத்தம்தான். சாதாரண வேகத்தில் போயிருந்தால் இதே பதில் இன்னும் இரண்டு வாரம் கழித்து வந்திருக்கும், அதற்குள் வேகமான இடம் கைவிட்டுப் போயிருக்கும் என்பது அவனுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஆறு மணிக்குச் சற்று முன்னால், வாங்கிவைத்த அரை நாளைத் தொடாமலே, வேகமான இடத்தின் ஆஃபரில் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். பிறகு மெதுவான இடத்தின் ரெக்ரூட்டருக்கு, அதே தொடரில்: "இன்றே சொன்னதற்கு நன்றி. நான் மற்ற ஆஃபரை ஏற்றுக்கொண்டுவிட்டேன். உங்கள் டீமோடு பேசியது எனக்குப் பிடித்திருந்தது, பிறகு இதுபோல் வேலை திறந்தால் சொல்லுங்கள்."